கூட்டுவட்டி கம்பெனியா, தனிவட்டி அடகுக்கடையா? நடுவில் கொஞ்சம் கட்டினால் கணக்கு எப்படி மாறுகிறது

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலிருந்து காசிமேடு வரைக்கும் நகை வைக்கப் போகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "நூத்துக்கு எவ்ளோ வட்டி?" அதற்கு அடுத்தது, விவரம் தெரிந்தவர்கள் கேட்பது, "வட்டிக்கு வட்டி போடுவீங்களா?" மூன்றாவதாக ஒன்று கேட்க வேண்டும், அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நடுவில் ஒரு தொகை கட்டினால் அதை எப்படி வரவு வைப்பீர்கள்? இரண்டு இடங்களில் எது மலிவு என்பதை இந்த மூன்றாவது கேள்வி தலைகீழாகப் புரட்டிவிடும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். காசிமேட்டில் படகுத் தொழிலை நம்பி இருக்கிற ஒரு வீடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது, பங்குப் பணம் வராது, ஆனால் ஜூனில் பள்ளிக்கூடம் மட்டும் சரியாகத் திறந்துவிடும். ஏப்ரல் 15 அன்று நகையை வைத்து ஒரு லட்சம் வாங்குகிறார்கள். படகு ஓடத் தொடங்கி, பழைய பாக்கியெல்லாம் அடைத்து, செப்டம்பர் 15 அன்று, அதாவது சரியாக 5 மாதம் கழித்து, 30,000 கட்டுகிறார்கள். அடுத்த ஏப்ரல் 15, தடை தொடங்குவதற்குள் நகையைத் திருப்ப வேண்டும். அன்றைக்கு எவ்வளவு கொண்டுபோக வேண்டும்?

ஒரு பக்கம் நகைக்கடன் தருகிற கம்பெனி: நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய், மாதாமாதம் கூட்டுவட்டி. இன்னொரு பக்கம் தெருமுனை அடகுக்கடை: நூற்றுக்கு ஒரு ரூபாய் அறுபது காசு, தனிவட்டி. (இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட விகிதங்கள், உங்கள் சீட்டில் இருப்பதைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்த வட்டியில் வங்கியில் கிடைத்தால் இந்த அலசலே வேண்டாம், அங்கேயே போங்கள்.)

முதலில் நடுவில் எதுவும் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம்.

| எத்தனை மாதம் கழித்து | கம்பெனி (ரூ.) | அடகுக்கடை (ரூ.) |
|---|---|---|
| 5 | 1,07,728 | 1,08,000 |
| 9 | 1,14,339 | 1,14,400 |
| 10 | 1,16,054 | 1,16,000 |
| 12 | 1,19,562 | 1,19,200 |

ஒன்பதாம் மாதம் வரை கம்பெனிதான் குறைவு. பத்தாவது மாதத்தில் கூட்டுவட்டி முந்திக்கொள்கிறது, வருட முடிவில் அடகுக்கடை 362 ரூபாய் மலிவாக நிற்கிறது. வட்டிக்கு வட்டி என்று கேட்டதுமே பயப்படுகிறோமே, அது பெரிதாக வளர நாள் வேண்டும். முதல் சில மாதங்களில் அதைவிட அந்தப் பத்து காசு வித்தியாசம்தான் அதிகம் கடிக்கிறது.

சரி, இப்போது செப்டம்பரில் அந்த 30,000ஐக் கட்டுவோம்.

கம்பெனியில் அன்றைய தேதிக்கு நிற்பது 1,07,728. அதில் 30,000 போனால் மீதி 77,728. இந்த மீதிதான் இனிமேல் அசல் மாதிரி, இதன்மேல் மீதி 7 மாதத்துக்கு ஒன்றரை வட்டி கூட்டாக ஏறும். ஏப்ரலில் கட்ட வேண்டியது 86,266.

அடகுக்கடையில் 5 மாத வட்டி 8,000. வழக்கமாக வரவை முதலில் வட்டியில்தான் கழிப்பார்கள், மிச்சம் 22,000 அசலில் போகும். அசல் 78,000 ஆகிறது, அதற்கு மாதம் 1,248 வீதம் 7 மாதத்துக்கு 8,736. ஏப்ரலில் கட்ட வேண்டியது 86,736.

ஆக, எதுவுமே கட்டாமல் இருந்தால் அடகுக்கடை 362 ரூபாய் மலிவு, நடுவில் 30,000 கட்டினால் கம்பெனி 470 ரூபாய் மலிவு. காரணம் மேலே இருக்கிற அட்டவணையிலேயே இருக்கிறது. செப்டம்பரில் கட்டிய பணம் அதுவரை சேர்ந்த வட்டி முழுவதையும் அடைத்துவிட்டது, இரண்டு இடத்திலும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது, மீதி இருப்பது 7 மாதம்தான், பத்தாவது மாதத்தைத் தொடுவதற்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். பன்னிரண்டு மாதத்தை 5, 7 என்று இரண்டாக உடைத்ததால் கூட்டுவட்டிக்கு ஓட இடம் கிடைக்கவில்லை. அதே 30,000ஐ பதினோராம் மாதத்தில் கொண்டுபோய்க் கட்டிப் பாருங்கள்: கம்பெனியில் கடைசியாக 89,112, கடையில் 89,002, மறுபடி கடை மலிவு. கட்டியதால் மட்டும் கணக்கு மாறிவிடவில்லை, எந்த மாதத்தில் கட்டினோம் என்பதால் மாறியது.

இங்கேதான் அந்த மூன்றாவது கேள்வி வருகிறது. தெரிந்த கடை, பல வருடப் பழக்கம் என்றால் சில இடங்களில் "வட்டி இருக்கட்டும்மா, கடைசியில பாத்துக்கலாம், இத அசல்ல கழிச்சுக்கறேன்" என்பார்கள். அப்படிச் செய்தால் அசல் 70,000 ஆகிவிடும், மாத வட்டி 1,120தான். 8,000 பழைய வட்டி, 7,840 புது வட்டி, எல்லாம் சேர்த்து ஏப்ரலில் 85,840. இப்போது கம்பெனியைவிடக் கடை 426 ரூபாய் மலிவு! ஒரே கடை, ஒரே வட்டி, ஒரே தேதி, வரவு எழுதிய விதம் மட்டும் வேறு, அதற்கே கிட்டத்தட்ட 900 ரூபாய் வித்தியாசம். தனிவட்டியில் வட்டி பாக்கி சும்மா கிடக்கும், குட்டி போடாது, அதனால் அசலைக் குறைப்பதுதான் நமக்கு லாபம். கம்பெனியின் மாதக் கூட்டுவட்டியில் இந்தச் சலுகையைக் கேட்டுப் பிரயோசனமில்லை, அங்கே வட்டி பாக்கியும் அசலும் ஒரே வேகத்தில்தான் ஏறுகின்றன, எதில் கழித்தாலும் ஏப்ரலில் அதே 86,266தான்.

வாய்வார்த்தையாகச் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம். கட்டிய அன்றே சீட்டில் எழுதி வாங்குங்கள்: அசல் மீதி எவ்வளவு, வட்டி எந்தத் தேதி வரை கட்டியாயிற்று. இந்த இரண்டும் இல்லாமல் வெறும் "வரவு 30,000" என்று மட்டும் இருந்தால் ஏப்ரலில் தகராறுதான்.

அந்தத் தகராறு எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு லட்சத்துக்கு 12 மாதக் கூட்டுவட்டி 1,19,562, அதில் நீங்கள் கட்டிய 30,000 போக 89,562 என்று ஒரு கணக்கு வரும். பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் செப்டம்பரிலேயே நீங்கள் கொடுத்துவிட்ட 30,000க்கும் ஏப்ரல் வரை உங்களிடமே வட்டி வாங்குகிற கணக்கு அது, 3,295 ரூபாய் அதிகம். எதிர்ப்பக்கத்தில் நம் ஆட்கள் போடுகிற தப்புக் கணக்கும் ஒன்று உண்டு, முதலிலேயே 30,000ஐக் கழித்துவிட்டு 70,000க்கு 12 மாதம் போட்டு 83,693 என்று தொகையைக் கொண்டுபோய்க் கவுண்டரில் நிற்பது. முதல் 5 மாதம் முழு லட்சமும் நம் கையில்தான் இருந்தது, அதற்கு வட்டி உண்டு. சரியான வழி கட்டிய தேதியில் கணக்கை நிறுத்தி, கழித்து, மீதியில் தொடங்குவதுதான். போனில் ஷீட் ஏதாவது இருந்தால் ஒரே வரி:

```
=(100000*1.015^5-30000)*1.015^7
```

கட்டிய அன்றைக்கு உள்ள மீதியை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பகுதியை மட்டும் போடுங்கள், 77,728 வரும். கம்பெனி ரசீதில் உள்ள மீதியும் அதை ஒட்டி இருக்க வேண்டும், பல இடங்களில் நாள் கணக்கு என்பதால் சில ரூபாய் முன்னே பின்னே இருக்கலாம். ஆயிரக்கணக்கில் தள்ளி நின்றால் வட்டி விகிதமே மாறியிருக்கிறது என்று அர்த்தம். சில திட்டங்களில் குறிப்பிட்ட மாதத்துக்குள் வட்டி கட்டாவிட்டால் விகிதம் ஒரு படி ஏறும், ஆரம்பத்தில் சொன்ன ஒன்றரை அதற்கப்புறம் ஒன்றரையாக இருக்காது. அப்படிப்பட்ட திட்டத்தில் மேலே சொன்ன ஒப்பீடு முழுக்கத் தகர்ந்துவிடும், கையெழுத்துக்கு முன்னால் அந்தப் படிகளைக் கேளுங்கள்.

நாள் கணக்கு என்றேனே, அதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. செப்டம்பர் 15க்குப் பதில் 20ஆம் தேதி போகிறீர்கள். நாள் கணக்குப் போடும் கம்பெனியில் அந்த 5 நாளுக்குச் சுமார் 270 ரூபாய் கூடும். அடகுக்கடையில் மாதம் பிறந்தால் முழு மாத வட்டி என்பது பழைய வழக்கம், அங்கே அதே 5 நாளுக்கு 1,600 போகும். பாதி மாதமாகக் கணக்குப் போடுகிற கடைகளும் உண்டு. எப்படியானாலும் கடையில் கட்டுகிறவர்கள் தேதி தாண்டாமல் கட்ட வேண்டும், கம்பெனியில் ஒரு வாரம் தள்ளினால் குடி முழுகிவிடாது.

சீட்டை மாற்றி எழுதுவதிலும் கவனம் வேண்டும். கடையில் தனிவட்டி என்று நிம்மதியாக இருப்போம், கட்டப் பணம் இல்லாத சமயத்தில் "சீட்டைப் புதுப்பிச்சுடலாம்" என்பார்கள். 5 மாத வட்டி 8,000ஐயும் அசலோடு சேர்த்து 1,08,000க்குப் புதுச் சீட்டு போட்டுவிட்டால் அன்றிலிருந்து அந்த 8,000க்கும் வட்டி. பெயர் தனிவட்டி, நடப்பது கூட்டுவட்டி, அதுவும் ஒன்று அறுபதில்.

என்னைக் கேட்டால், நடுவில் பணம் வரும் என்று ஓரளவு நிச்சயமாகத் தெரிகிற வீட்டுக்கு, அந்தப் பணமும் ஒரே மூட்டையாக வராமல் பங்கு பிரிக்கப் பிரிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வருகிற வீட்டுக்கு, இந்த இரண்டில் கம்பெனிதான் தோது. 30,000 சேரட்டும் என்று செப்டம்பர் வரை பணத்தை வீட்டில் வைத்திருக்காமல் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் 15 தேதிகளில் பத்துப் பத்தாயிரமாகக் கட்டினால் ஏப்ரலில் 86,266க்குப் பதில் 85,765 கட்டினால் போதும், 500 ரூபாய் மிச்சம். இப்படி மாதாமாதம் பத்தாயிரம் கொண்டுபோய் நின்றால், ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு எழுத வேண்டும் என்று முகம் சுளிக்கிற கடைகளும் இருக்கின்றன. நடுவில் எதுவும் வராது, அடுத்த ஏப்ரலில் மொத்தமாகத்தான் என்று தெரிந்தவர்கள் கடையில் வைக்கலாம், 362 ரூபாய் குறைவு. கடைக்காரர் அசலில் கழிக்கச் சம்மதித்து அதைச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தால், செப்டம்பரில் மொத்தமாகக் கட்டுகிறவர்களுக்கும் கடையே.