ஆள முழுசா கொண்டு வந்து நிறுத்துறது: அளவு, நிழல், பாதம் - என் அனுபவம்

குரூப் போட்டோல வராதவங்கள உள்ள நிறுத்துற வேலைய ரொம்ப வருஷமா போட்டோஷாப்ல பண்ணிட்டிருக்கேன். மாம்பலம் பக்கம் சின்ன ஸ்டுடியோ, வெளிநாட்டுல இருக்குற பையன எப்படியாவது சேத்துக் குடுங்கன்னு யாராவது வந்துட்டேதான் இருப்பாங்க. பின் வரிசைல மார்பு வரைக்கும் சொருகுறது ஈஸி. பாதம் வரைக்கும் தெரியுற மாதிரி நிக்கணும்னாதான் வேலையே. நிறைய பேர் தலைமுடி கட்டிங்க்லயே மணிக்கணக்கா உக்காந்துடுறாங்க, என்னைக் கேட்டா முடி சுமாரா இருந்தாலும் யாரும் பாக்க மாட்டாங்க, அளவு தப்புனா மட்டும் ஒரு மாமி பாத்த உடனே "என்னப்பா, இவன் மட்டும் தனியா மிதக்குறானே"ன்னு கேட்டுடுவாங்க.

அளவு கண்ணால பாத்து இழுக்குற விஷயமே இல்ல, ஹாரிசான் லைன்தான் எல்லாம். கேமரா எந்த உயரத்துல இருந்துச்சோ, சமதரையில நிக்கிற எல்லாரோட உடம்பையும் அந்த லைன் அதே உயரத்துலதான் வெட்டும், பக்கத்துல நின்னாலும் சரி தூரத்துல நின்னாலும் சரி. பெசன்ட் நகர் பீச்ல எடுத்த போட்டோனா கடலும் வானமும் சேர்ற கோடே ஹாரிசான், தேடவே வேணாம். தெருவுல எடுத்ததுன்னா சுவர், காம்பவுண்டு, ஜன்னல் விளிம்புன்னு இணையா ஓடுற கோடுகள நீட்டிப் பாத்தா ஒரு இடத்துல சேரும், அந்த உயரம்தான்.

ஒரு பீச் போட்டோ எடுத்துக்குவோம். ஹாரிசான் படத்தோட மேல் விளிம்புல இருந்து 1100வது பிக்சல்ல இருக்கு, முன்னாடி நிக்கிற அத்தையோட பாதம் 2500ல. அத்தை உயரம் 160 செ.மீ., படத்துல 1600 பிக்சல், அப்போ அந்த இடத்துல ஒரு செ.மீ.க்கு 10 பிக்சல். பாதத்துல இருந்து ஹாரிசான் வரைக்கும் 1400 பிக்சல், அதாவது போன் 140 செ.மீ. உயரத்துல இருந்திருக்கு. இப்ப செருப்போட 180 செ.மீ. இருக்குற பையன பின்னாடி, பாதம் 2220ல வர்ற மாதிரி நிறுத்தணும். 2220ல 1100 போனா 1120, அதுவும் அதே 140 செ.மீ.தான், அதனால இங்க செ.மீ.க்கு 8 பிக்சல், பையன் 1440 பிக்சல், உச்சந்தலை 780ல. அவ்ளோதான், கணக்கு முடிஞ்சுது. ஒரே சிக்கல், பீச் மணல் தண்ணிய நோக்கி சரியும், கீழ இறங்கி நிக்கிற ஆளுக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது, அதனால மத்தவங்க நிக்கிற இடத்த ஒட்டியே நிறுத்துறது சேஃப்.

பையனோட போட்டோவும் கிட்டத்தட்ட அதே உயரத்துல இருந்து எடுத்திருக்கணும். குழந்தை கீழ இருந்து எடுத்தத அனுப்புனா தாடையோட அடிப்பக்கம் தெரியும், ஷூ மேல்பக்கம் தெரியாது, எவ்ளோ இழுத்தாலும் உக்காராது. நான் வாட்ஸ்அப்ல முன்னாடியே சொல்லிடுவேன்: போன நெஞ்சு உயரத்துல நேரா பிடிங்க, பத்தடிக்கு மேல தள்ளி நின்னு 1x லென்ஸ்ல எடுங்க, குரூப் போட்டோல வெயில் எந்தப் பக்கமோ அதே பக்கத்துல இருந்து படணும், படத்த டாக்குமென்ட்டா அனுப்புங்க.

அடுத்தது நிழல். சாயங்காலம் கடலப் பாத்து எடுத்தா சூரியன் கேமராவுக்குப் பின்னாடி, நிழல் கடல் பக்கமா விழும். ரெண்டு பேரோட பாதத்துல இருந்து அவங்க நிழல் ஓடுற திசையில கோடு போட்டா ரெண்டும் ஹாரிசான்ல ஒரு புள்ளியில சேரும். அதே ரெண்டு பேரோட தலையில இருந்து தலை நிழலுக்குக் கோடு போட்டா அதுக்கு நேர் கீழ இன்னொரு புள்ளி கிடைக்கும். எடுத்தவரோட நிழல் ஃப்ரேம்ல விழுந்திருந்தா அவர் போன் பிடிச்ச இடத்தோட நிழல் சரியா அந்தப் புள்ளியிலதான் இருக்கும், செக் பண்ணிப் பாருங்க. புது ஆளுக்கு பாதத்துல இருந்து மேல் புள்ளிக்கு ஒண்ணு, தலையில இருந்து கீழ் புள்ளிக்கு ஒண்ணு, ரெண்டும் வெட்டுற இடம்தான் நிழலோட முனை.

லேயர காப்பி பண்ணி கருப்பு அடிச்சு Distort-ல சாய்க்கிற வழி எல்லாருக்கும் தெரியும், ஆனா அது முன்னாடியோ பின்னாடியோ இருந்து வெளிச்சம் வந்தா மட்டும்தான் சரி. பக்கவாட்டு வெயில்னா தரையில விழுறது அவரோட சைடு உருவம், அத கையாலதான் வரையணும். நிழலுக்கு சுத்தக் கருப்பு வேணாம், வானத்து வெளிச்சம் படுறதால லேசா நீலம் கலந்திருக்கும், பக்கத்துல இருக்குறவர் நிழலோட வச்சுப் பாத்து கலர் பிடிச்சு Multiply-ல விடுங்க. பாதத்துக்கிட்ட விளிம்பு ஷார்ப்பா இருக்கணும், தலை நிழல் போகப் போக மங்கணும்.

ஏப்ரல் கடைசியில நடுப்பகல்ல எடுத்த சென்னை போட்டோல இந்தக் கோடு வேலையே கிடையாது, சூரியன் நேர் உச்சியில, நிழல் காலுக்கடியிலயே குட்டையா கிடக்கும். மேகமூட்டம்னா அதுவும் இல்ல, செருப்புக்கடியில ஒரு மெல்லிசான இருட்டு மட்டும். இந்த இருட்டு எந்த வெயிலா இருந்தாலும் வேணும், இது இல்லாததுதான் மாமி சொன்ன மிதக்குற கேஸ். மணல்னா இன்னொரு வேலையும் உண்டு, பாதம் கொஞ்சம் புதைஞ்சிருக்கும், அதனால மாஸ்க்ல சின்ன கரடுமுரடான பிரஷ் வச்சு விரல் ஓரத்துல அங்கங்க மணல மேல வர விடுறேன். மண்டபத்து பளபள கிரானைட் தரைன்னா நிழலோட சேத்து பிரதிபலிப்பும் தலைகீழா போடணும், அதுக்கு ரேட் தனி.