ரெண்டு சிம்ல எந்த நம்பர்ல வாட்ஸ்அப் போடறது, அப்புறம் எப்படி மாத்தறது

ரெண்டு சிம் போட்ட ஃபோன்ல வாட்ஸ்அப்பை எந்த நம்பர்ல போடறதுன்னு கேட்டா, பேங்க்லயும் ஆதார்லயும் குடுத்து வெச்சிருக்கிற பழைய நம்பர்லன்னு தான் நான் சொல்வேன். நானும் அப்படித்தான் வெச்சிருக்கேன். ரெண்டாவது சிம்ல போட்டா தெரியாத ஆளுங்க கையில முக்கியமான நம்பர் போகாதுன்னு சொல்றாங்க, அது சரிதான், கடை வெச்சு வியாபாரம் பண்றவங்களுக்கு அது பெரிய விஷயமும் கூட. ஆனா அந்த ரெண்டாவது சிம்முக்கு யார் ரீசார்ஜ் போட்டுட்டே இருக்கிறது? எனக்கு எல்லாமே அதுல தான் முடிவாகுது.

முதல்ல ஒண்ணு. எந்த சிம்ல நெட் ஓடுதோ அந்த நம்பர்ல தான் வாட்ஸ்அப் இருக்குன்னு நிறைய பேர் நெனச்சுட்டு இருக்காங்க. அப்படி இல்லைங்க. முதல் தடவை போடும்போது நீங்க எந்த நம்பரை டைப் பண்ணி ஓடிபி வாங்குனீங்களோ அது தான் நம்பர், அதுக்கப்புறம் நெட் எந்த சிம்ல வந்தாலும், வைஃபைல வந்தாலும், ஆப் ஓடும். யுபிஐ ஆப் வேற மாதிரி. அங்க உங்க ஃபோன்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளிய போகும், அது பேங்க்ல இருக்கிற நம்பரோட சிம்ல இருந்தே போகணும், தப்பான சிம்மை தொட்டா அக்கவுண்ட் கிடைக்காது. அதனால அங்க தப்பு உடனே தெரிஞ்சிடும். வாட்ஸ்அப்ல மாசக்கணக்குல தெரியாது, ஆபத்தே அது தான்.

குடியாத்தத்துல எங்க சின்னம்மாவோட ஃபோன்ல இது தான் நடந்துச்சு. பையன் பெங்களூர்ல வேலைக்கு போனப்ப ஆஃபர்ல ஒரு சிம் வாங்கி குடுத்தான், நெட் அதுல இருந்ததால வாட்ஸ்அப்பையும் அதுலயே போட்டுட்டான். அப்புறம் பழைய சிம்லயே நெட் பேக் போட ஆரம்பிச்சாங்க, புது சிம்மை யாரும் கண்டுக்கல. மகளிர் குழு மெசேஜ் எல்லாம் ஒழுங்கா வந்துட்டு இருந்துச்சு. நான் புது ஃபோனுக்கு மாத்தித் தரலாம்னு பார்த்தா, Settings-ல பேருக்குள்ள போனா காட்டுற நம்பர் அந்த ரெண்டாவது சிம்மோடது, அதுக்கு வேற ஃபோன்ல இருந்து அடிச்சா ரிங்கே போகல. "இன்னாப்பா, மெசேஜ் தான் வருதே"ன்னாங்க. வரும் சின்னம்மா, ஆனா புது ஃபோன்ல போட்டா ஓடிபி அந்த செத்த சிம்முக்கு தான் போகும்னு சொன்னேன்.

சிம் செத்ததோட முடியறதில்ல. ட்ராய் விதிப்படி ப்ரீபெய்ட் சிம்மை 90 நாள் தொடவே இல்லன்னா கட் பண்ணலாம், பேலன்ஸ் 20 ரூபாய் இருந்தா அதை எடுத்துட்டு இன்னொரு 30 நாள் விடுவாங்க. கட் பண்ணி 90 நாள் கழிச்சு அந்த நம்பரை வேற ஆளுக்கு குடுக்கலாம். அந்த ஆள் அதுல வாட்ஸ்அப் போட்டாருன்னா உங்க ஃபோன்ல தானா வெளிய தள்ளிடும். பழைய சாட் அவருக்கு போகாது, ஆனா உங்களுக்குன்னு நெனச்சு அனுப்புற புது மெசேஜ் அவருக்கு போகும். இது போக 2025 நவம்பர்ல டெலிகாம் துறை, ரிஜிஸ்டர் பண்ண சிம் ஃபோன்ல இருந்தா தான் இந்த மாதிரி ஆப் ஓடணும்னு உத்தரவு வேற போட்டுச்சு. அதனால சிம்மை கழட்டி வெச்சுட்டு ஆப்பை மட்டும் ஓட்டறதை நம்பி இருக்காதீங்க.

நல்ல வேளை, மாத்தறதுக்கு பழைய சிம் உயிரோட இருக்கணும்னு இல்ல. ஆப் இன்னும் பழைய நம்பர்ல திறந்திருக்கணும், புது நம்பருக்கு எஸ்எம்எஸ்ஸோ காலோ வரணும், அவ்ளோதான். அதனால சின்னம்மாவோட பழைய ஃபோன்ல ஆப்பை அழிக்காம Settings, Account, Change number-னு போனேன், மேல செத்த நம்பரும் கீழ பேங்க் நம்பரும் +91 போட்டு அடிச்சேன். யாருக்கெல்லாம் சொல்லணும்னு கேட்கும், சாட் பண்ணவங்களுக்கு மட்டும்னு குடுத்தேன், குரூப்புக்கு அதுவே சொல்லிடும். ஓடிபி வந்துச்சு, குரூப், சாட் எல்லாம் அப்படியே இருந்துச்சு. ஆப்பை அழிச்சுட்டு புது நம்பர்ல புதுசா போட்டிருந்தா குரூப் எல்லாம் போயிருக்கும், ஒவ்வொண்ணுலயும் மறுபடி சேர்க்கச் சொல்லி கேட்கணும்.

ரெண்டு நம்பரும் வேணும்னா 2023 கடைசியில இருந்து ஆண்ட்ராய்டுல ஒரே வாட்ஸ்அப்ல ரெண்டு அக்கவுண்ட் வெச்சுக்கலாம். கடைக்காரங்களுக்கு அது நல்லது, ஆனா ரெண்டு சிம்மையும் உயிரோட வெச்சிருக்கணும். ஐஃபோன்ல நான் பண்ணி பார்த்ததில்ல, சொன்னதெல்லாம் ஆண்ட்ராய்டுக்கு தான்.

நம்பர் மாத்துன கையோட ஒரு பேக்கப் எடுத்துடுங்க. கூகுள் ட்ரைவ்ல இருக்கிற பழைய பேக்கப் பழைய நம்பர் பேர்ல இருக்கும், புது ஃபோன்ல புது நம்பரை அடிச்சா அது கிடைக்காது. சின்னம்மாவுக்கு அதை எடுத்து முடிச்சு தேதியையும் பார்த்துட்டு தான் புது ஃபோன்ல ஆப்பை போட்டேன்.