"கிழமை பார்த்துத் தானா அலர்ட் அடிக்கும்"னு சொன்னதை நம்பி ₹1,18,000 கட்டினேன், யாரும் ஏமாறாதீங்க

கை இன்னும் நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கோங்க. இன்று காலையில்தான் மூன்றாவது தடவையாக என் டிக்கெட்டை மூடியிருக்காங்க. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. சர்வர், க்யூ எல்லாத்தையும் கண்காணித்து அலர்ட் அனுப்பும் ஆன்லைன் சேவை, வருடச் சந்தா. வரியோடு சேர்த்து ₹1,18,000, மொத்தமும் முன்பணம்.

எங்களுக்கு ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம். கடைக்காரங்க ஆப்பில் போடுகிற ஆர்டர் எல்லாம் ரேபிட்எம்க்யூவில் ஒரு க்யூவுக்குள்ள வரும். இரண்டு வொர்க்கர் அதை எடுத்து ஸ்டாக்கை ஒதுக்கி, பில் போட்டு, கடைக்காரருக்கு உறுதி மெசேஜ் அனுப்பும். செவ்வாய்ச் சந்தைக்காகத் திங்கள் ராத்திரி ஆர்டர் கொட்டும். அப்போ க்யூவில் 4,000 மெசேஜ் நிற்பது சாதாரணம், இரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை 40 நின்றாலே அதிகம். ரொம்ப நாளாக எங்க அலர்ட் ஒரே எண், 5,000. அதுக்குக் கீழே வைத்தால் திங்கள்தோறும் ராத்திரி போன் அலறும். 5,000லேயே விட்டால், ஞாயிற்றுக்கிழமை வொர்க்கர் செத்துக் கிடந்தாலும் ஒரு சத்தமும் வராது. இதைச் சரிசெய்யத்தான் போனேன்.

டெமோவில் அந்தத் தம்பி ஒரு கிராஃப் காட்டினார். நீல நிறத்தில் ஒரு பட்டை, திங்கள் ராத்திரி மேலே ஏறுது, ஞாயிறு தரையோடு ஒட்டி இறங்குது. "அண்ணா, நீங்க ஒரு நம்பரும் போட வேண்டாம். இரண்டு வாரத்தில் உங்க பழக்கத்தை அதுவே கத்துக்கும்"னு சொன்னார். நான் பல வருடமாகக் கையால் செய்ய நினைத்த வேலை அந்தப் பட்டையில் தெரிந்தது. அது யாருடைய டேட்டான்னு கேட்கத் தோணவே இல்லை. அன்னைக்கே பணம் கட்டிட்டேன்.

ஐந்தாவது வாரம், சனி நள்ளிரவு நாங்க ஒரு மாற்றத்தை ஏற்றினோம். ஒரு மணிக்கு வொர்க்கர் இரண்டும் விழுந்திருக்கு. ஞாயிறு காலை 7 மணியிலிருந்து மணிக்கு 80 ஆர்டர் வீதம் சேர்ந்துகொண்டே போய், மாலை 6 மணிக்கு 900. வழக்கமான ஞாயிறைப் போல இருபது மடங்குக்கு மேல! அலர்ட் வரவே இல்லை. ஒரு கடைக்காரர் போன் பண்ணி "ஏன் தம்பி, காலையில போட்ட ஆர்டருக்கு இன்னும் பதிலே காணோமே"ன்னு கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிஞ்சது. அதுக்குள்ள பல பேர் வேற இடத்தில் சரக்குச் சொல்லிட்டாங்க.

ராத்திரி உட்கார்ந்து அவங்க கணக்குப் போட்ட எல்லைக்கோட்டை மட்டும் ஃபைலாக இறக்கிப் பார்த்தேன். ஞாயிறும் திங்களும் ஒரே கோடு! கடந்த 14 நாளின் எல்லா மணி நேரத்தையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்திருக்காங்க: 620. திட்ட விலக்கம் 1,150. சராசரியோடு மூன்று மடங்கு விலக்கத்தைக் கூட்டினால் 4,070. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் எங்க எல்லை அதுதான். திங்கள் ராத்திரி ஏற்றம்தான் விலக்கத்தை ஊதிவிட்டது, அந்த ஊதின எண் வாரம் முழுக்க நின்றது. நான் கையால் வைத்திருந்தது 5,000. இவங்க கொடுத்தது 4,070. இதுக்கு ₹1,18,000.

முதல் டிக்கெட்டுக்குப் பதில்: "இன்னும் கற்றுக்கொள்ளும் காலம்." ஐந்து வாரம் ஆச்சுன்னு சொன்னேன். "சென்சிடிவிட்டியைக் கூட்டிப் பாருங்க"ன்னாங்க. கூட்டினால் மூன்று மடங்கு இரண்டாகும், எல்லை 2,920. அப்பவும் 900 தப்பித்துப் போகும், திங்கள் ராத்திரி மட்டும் வீணாக அலறும். இந்தக் கணக்கை எழுதி அனுப்பினேன், பதில் இல்லாமலே டிக்கெட் மூடியாச்சு. அடுத்த ஆள் வந்து, வார முறைன்னு ஒரு பொத்தான் இருக்கு, போட்டுவிட்டேன்னார். போட்டதும் இரண்டு கோளாறு. பழுதான அந்த ஞாயிற்றையே மாதிரியாக எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு மாலைக்கான எல்லையை 900க்கு மேலே வைத்தது. அதோடு, கிழமை மாறுவது நம்ம நள்ளிரவில் இல்லை, காலை 5:30க்கு. அதாவது யூடிசி நேரம். கேட்டால், "எல்லா வாடிக்கையாளருக்கும் அப்படித்தான் சார்." அண்ணன் சார் ஆயிட்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்டால் வருடச் சந்தாவுக்கு அது கிடையாதாம். டெமோ காட்டின தம்பி போனை எடுப்பதே இல்லை. ₹1,18,000 போனது போனதுதான்னு வீட்டில் சொல்றாங்க, எனக்கு மனசு ஆறலை.

இப்போ நானே புரோமிதியஸில் எழுதி ஓடவிட்டிருக்கேன். ஆர்டர் க்யூவின் ஒரு மணி நேரச் சராசரியை ஒரு ரெக்கார்டிங் ரூலில் சேமிக்கணும். இந்த நேரத்தின் எண்ணை, போன மூன்று வாரத்தின் இதே கிழமை, இதே நேரத்து எண்களின் நடு எண்ணோடு ஒப்பிடணும்:

```
orders:depth:avg1h
  > 3 * quantile without (w) (0.5,
      label_replace(orders:depth:avg1h offset 1w, "w", "1", "", "")
   or label_replace(orders:depth:avg1h offset 2w, "w", "2", "", "")
   or label_replace(orders:depth:avg1h offset 3w, "w", "3", "", ""))
and orders:depth:avg1h > 100
```

சராசரி வேண்டாம், நடு எண்தான் வேணும். மூன்றில் ஒரு வாரம் பழுதாகிக் கிடந்தாலும் அது நடு எண்ணைப் பெரிதாக இழுக்காது. கிழமை, நேரம் இரண்டும் சேர்ந்து ஒப்பிடுவதால் வார நாள், வார இறுதின்னு இரண்டாகப் பிரிக்க வேண்டியதும் இல்லை. எங்க திங்கள் மற்ற வார நாள் மாதிரியே கிடையாது. கடைசி வரியில் இருக்கும் 100 எதுக்குன்னா, ஞாயிறு விடியற்காலை வழக்கமே 2 என்றால் 7 வந்ததும் அடித்துவிடும். அந்த ஞாயிற்றின் எண்களை இதில் போட்டுப் பார்த்தேன், காலை 9 மணிக்குள் அடித்திருக்கும். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் இதுவும் வீணாக அலறும், அப்போ 3ஐக் கையால் கூட்டித்தான் ஆகணும்.

நிறைய எழுத நினைச்சேன், பாங்க்குக்குப் போகணும். அவசரமாகச் சில விஷயம். பணம் கட்டும் முன் உங்க டேட்டாவில் ஞாயிறு, திங்கள் எல்லைக்கோட்டை எண்ணாகக் கேளுங்க, படமாக இல்லை. கிழமை எத்தனை மணிக்கு மாறுதுன்னு பாருங்க. ஒரு ஞாயிறு காலை சோதனை க்யூவில் வொர்க்கரை நிறுத்திவிட்டு, அலர்ட் வரும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு உட்காருங்க. நீங்களே எழுதுவதாக இருந்தால், புரோமிதியஸ் தானாக 15 நாள்தான் டேட்டா வைத்திருக்கும், `--storage.tsdb.retention.time=30d` போடாவிட்டால் மூன்றாவது வாரம் வெறுமையாக இருக்கும். வருடச் சந்தா முன்பணமாகக் கட்டாதீங்க. மாதச் சந்தாவில் இருந்திருந்தால் எனக்கு ₹1,18,000 போயிருக்காது.