கிலோவா, சுற்றா? வெளிக்கள உத்தியோகத்தருக்கு எழுதும் மேம்பாட்டுத் திட்டம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பிரிவின் வேலை பின்தங்கியதும், அதன் வெளிக்கள உத்தியோகத்தருக்கு மேம்பாட்டுத் திட்டம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டு வழி இருந்தது. மூன்று மாதத்தில் இத்தனை கிலோ கொழுந்து என்று இலக்கு வைத்து, கடைசியில் ஒரே தடவை பார்ப்பது ஒன்று. பறித்த மலைக்கே மறுபடி பறிக்க வர எத்தனை நாள் என்ற பறிப்புச் சுற்றையும் நல்ல கொழுந்து வீதத்தையும் இலக்காக்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசுவது மற்றது. நான் இரண்டாவதையே எடுத்தேன்.

கிலோ இலக்கு எழுத லேசு, கணக்கும் கையில் இருக்கிறது. ஆனால் ஹட்டன் பக்கம் ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடிக்கும் திட்டத்தில், வரட்சியால் யாருக்கும் கொழுந்து குறையும். மார்ச்சில் தொடங்கி மே மாதம் முடித்தால், ஒன்றும் செய்யாதவருக்கும் கூடும். "மழை இல்லாட்டி நான் என்ன சேர் செய்ய?" என்று அவர் கேட்டால் பதில் இல்லை. அவர் கையில் இருப்பதை மட்டுமே அளக்க வேண்டும். என் முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

சுற்று அவர் கையில் இருக்கிறது. அவருடைய மலைகளில் சுற்று 13 நாளாக இழுபட்டபோது பக்கத்துப் பிரிவில் 9 நாள்தான். வரட்சியில் துளிர் மெதுவாக வரும், சுற்றும் நீளும். அதனால் "8 நாள்" என்று மொட்டையாக எழுதாமல், பக்கத்துப் பிரிவை விட ஒரு நாளுக்கு மேல் பிந்தக் கூடாது என்று எழுதினேன். முதல் பரிசீலனைக்கு மட்டும் இரண்டு நாள் சலுகை.

சுற்று பிந்தினால் கொழுந்து முற்றும். அதைக் காட்டுவது நல்ல கொழுந்து வீதம். சாக்குகளில் இருந்து கலந்து எடுத்த 100 கிராமில் இரண்டு இலையும் மொட்டுமான இளங்கொழுந்தைப் பிரித்து நிறுப்பார்கள். 55 கிராம் என்றால் 55 வீதம். இலக்கை முதலில் 60, பிறகு 65 என்று வைத்தோம். மாதிரியைத் தொழிற்சாலைக்காரர் எடுக்க வேண்டும், உத்தியோகத்தர் பக்கத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அளவு பற்றியே சண்டை வரும்.

ஆள் பற்றாக்குறையை மறந்தால் இந்த வழியும் அநியாயமாகிவிடும். பதிவில் உள்ள பறிப்பாளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவாக வந்த நாட்களைத் தனியாகக் குறித்தோம். அவை அவர் கணக்கில் சேராது.

பரிசீலனைத் திகதிகளைத் தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குவது நல்லது. ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டதையும் நாங்கள் கொடுத்ததையும் அதே தாளில் எழுதினோம். விஷயம் தொழில் நியாய சபை வரை போனால் அந்தத் தாள்தான் பேசும்.

ஊவாப் பக்கம் வரட்சி மாதங்கள் வேறு, திகதிகளை அதற்கேற்ப மாற்ற வேண்டும். அலுவலக எழுதுவினைஞருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. கிலோவை நான் முற்றாக விடவில்லை. தாளின் கடைசி வரியில் தகவலுக்காக மட்டும் இருக்கிறது, அதற்குப் புள்ளி இல்லை.