ஓட்டத்துக்கு முன்: கம்பங்கூழா, ஓட்ஸா?

காலை 6 மணிக்கு ஓடப் போகிறவர் 5 மணிக்கு எதைச் சாப்பிடுவது?

வயிறு: ஓட்ஸின் பீட்டா குளுக்கன் நார் வழவழப்பாகி, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும்; 2 மணி நேர இடைவெளி நல்லது. மோரில் தண்ணியாகக் கரைத்த ஒரு டம்ளர் கூழுக்குப் பெரும்பாலும் 1 மணி நேரம் போதும். கெட்டியாகக் குடித்தால் அதுவும் கனக்கும்.

சத்து: இரண்டிலும் முக்கியமாக மாவுச்சத்துதான். ஓட்ஸில் புரதம் சற்று அதிகம். கூழில் உப்பும் நீரும் சேர்ந்தே வரும். வியர்த்துக் கொட்டும் நாளில் அது லாபம்.

வேலை: ஓட்ஸ் 5 நிமிடம். கூழுக்கு முந்தின நாளே மாவைப் புளிக்கவைத்து, நொய்யோடு காய்ச்ச வேண்டும். வெயில் காலத்தில் அதிகம் புளித்தால் ஓடும்போது நெஞ்சு எரியும். பச்சை மிளகாயும் அப்போது வேண்டாமே!

விடிகாலை ஓட்டத்துக்குக் கூழ். மதியமே சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் ஜிம்முக்குப் போகிறவருக்கு ஓட்ஸ்.