கருவியில் 172, ரத்தத்தில் அமிலம்

சர்க்கரை நோய்க்கான எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரையின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தது. 60 ரூபாய் அளவில் விற்ற மாத்திரை, வேறு நிறுவனங்களின் பெயரில் 10 ரூபாய்க்கும் கிடைக்கத் தொடங்கியது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எங்கள் பள்ளியின் கணித ஆசிரியை என்னிடம் கேட்டார்: "டீச்சர், நீங்கள் சாப்பிட்ட மாத்திரையும் இந்த வகைதானே? டாக்டரிடம் கேட்டு நானும் மாறிக்கொள்ளலாமா?" ஆசிரியர் அறையில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அன்று, ஆகையால் எழுதுகிறேன்.

நான் உட்கொண்டது அதே வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம். 2021 பிப்ரவரியில் தொடங்கி 2023 நவம்பர் வரை, மெட்ஃபார்மினுடன் சேர்த்து, காலையில் ஒன்று. மருந்துக்குரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 8.4 இலிருந்து 7.3க்கு இறங்கியது. எடை 3 கிலோ குறைந்தது. சிறுநீரில் கசிந்துகொண்டிருந்த புரதம் பாதிக்கும் கீழே வந்தது. மருத்துவர் இந்த மாத்திரையைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். இதற்கு முன் உட்கொண்ட மாத்திரையில் பதினொரு மணி வகுப்பில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டும் தாழ்சர்க்கரை, இதில் ஒரு முறைகூட வரவில்லை.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. சிறுநீரகம் வடிகட்டும் சர்க்கரையை வழக்கமாக ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். அந்தத் திருப்பி அனுப்பும் வாயிலை இந்த மாத்திரை பெருமளவு அடைத்துவிடுவதால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 கிராம் சர்க்கரை சிறுநீரோடு வெளியேறுகிறது. நம் முன்னோர் மதுமேகம் என்று பெயரிட்டதே சிறுநீர் இனிப்பதை வைத்துத்தான். நோயின் அடையாளமாக இருந்தது இப்போது மருந்து வேலை செய்வதன் அடையாளமாகிவிட்டது. பரிசோதனைக்கூடத்துப் பெண் ஒருமுறை பதற்றத்துடன் அழைத்து, "அம்மா, யூரினில் சுகர் நாலு பிளஸ் இருக்கிறது" என்றபோது, அது அப்படித்தான் இருக்கும் என்று நான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால், அந்தச் சர்க்கரை வெளியேறும் வழி நம் உடம்புதான் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆறாவது வாரத்தில் அரிப்பு தொடங்கியது. முதலில் புதிய சோப்பின் குற்றம் என்று நினைத்தேன். பிறகு எரிச்சலும், திரிந்த பால் போன்ற வெள்ளைப்படுதலும் வந்தன. எப்போதும் தோலில் இருக்கும் கேண்டிடா என்ற பூஞ்சைக்கு ஈரமும் சர்க்கரையும் சேர்ந்து கிடைத்தால் வேறென்ன செய்யும்? இந்த மாத்திரையை உட்கொள்ளும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது வருகிறது. ஆண்களுக்குக் குறைவு என்றாலும், முன்தோல் சிவந்து வீங்கிப் பின்னுக்குத் தள்ள முடியாமல் போவது உண்டு. அவர்கள் நம்மைவிட அதிகமாகக் கூச்சப்பட்டு, நம்மைவிடத் தாமதமாகச் சொல்கிறார்கள்.

கூச்சம் எனக்கும் இருந்தது. நான் போகும் மருத்துவமனையில், ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த நோயாளியை உள்ளே அழைத்து நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் அருகில் அமர்ந்திருக்க, ஆண் மருத்துவரிடம் எந்த இடத்தில் அரிக்கிறது என்று எப்படிச் சொல்வது? மூன்று வாரம் சகித்துக்கொண்டு, கடைசியில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். ஃப்ளுகோனசோல் 150 மில்லிகிராம் ஒரே ஒரு மாத்திரையும், தடவிக்கொள்ள க்ளோட்ரிமசோல் களிம்பும் கொடுத்தார். நான்கு நாளில் சரியாகிவிட்டது. மூன்று வாரத் துன்பத்துக்கு நான்கு நாள் மருந்து என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது. அந்த முதல் ஆண்டில் மேலும் இரண்டு முறை அதே தொல்லை வந்தது.

அது நின்றது மருந்தால் அல்ல, பழக்கத்தால்தான். ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பிறகும் தண்ணீரால் கழுவுவதை நாம் எல்லோரும் செய்கிறோம். கழுவிய பிறகு ஈரம் போகத் துடைப்பதை நம்மில் எத்தனை பேர் செய்கிறோம்? கைப்பையில் சிறு பருத்தித் துணிகளை வைத்துக்கொண்டு, தினமும் துவைத்து வெயிலில் உலர்த்தத் தொடங்கினேன். உள்ளாடைகளையும் பருத்திக்கு மாற்றினேன். பள்ளியில் கழிப்பறைக்குப் போக வேண்டாமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் வழக்கம் எங்களைப் போன்ற ஆசிரியைகளுக்கு உண்டு, அதையும் விட்டேன். அதன் பிறகு அரிப்பு வரவில்லை. இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: அரிப்பு வேறு, வலி வேறு. பிறப்புறுப்புக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில் கடும் வலியும் வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், அது திசுக்களை அழுகச் செய்யும் மிக அரிய நோயாக இருக்கக்கூடும். களிம்பு தடவிக்கொண்டு காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அரிப்போடு முடிந்திருந்தால் இந்த மாத்திரைக்கு நான் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

2023 நவம்பரில் கந்த சஷ்டி விரதம் இருந்தேன். காலையில் பால், இரவில் சிறிது பழம், அவ்வளவுதான். மெட்ஃபார்மின் உணவுக்குப் பின் உட்கொள்ள வேண்டியது என்பதால், உணவே இல்லாதபோது அது வேண்டாம் என்று நிறுத்தினேன். டாபாகிளிஃப்ளோசினுக்கு உணவுக்கு முன், பின் என்ற கட்டுப்பாடு இல்லாததால் அதை மட்டும் தவறாமல் விழுங்கினேன். என் அரைகுறை அறிவு சரியாகத் தவறான மாத்திரையைத் தேர்ந்தெடுத்தது. மூன்றாம் நாள் அடித்துப் போட்டாற்போல் சோர்வு; விரதத்தின் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். நான்காம் நாள் குமட்டல், வயிற்றுவலி, மாலைக்குள் ஐந்தாறு முறை வாந்தி. கருவியில் சோதித்தால் சர்க்கரை 172. சாதாரண நாளிலேயே அந்த அளவு எனக்கு வருவதுண்டு.

அன்றிரவு போன மருத்துவமனையில் அந்த 172தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. "சுகர் நன்றாகத்தானே இருக்கிறது, பட்டினியால் வந்த அல்சர்" என்று சொல்லி, வாந்திக்கு ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால், "சுகர் மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று மட்டும் சொன்னேனே தவிர, எந்த மாத்திரை என்று நானும் சொல்லவில்லை, அட்டையையும் எடுத்துப் போகவில்லை. மறுநாள் காலையில், ஓடி வந்தவளைப் போல ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கியது. உட்கார்ந்திருக்கும்போதே அப்படி மூச்சு வாங்குவதைக் கண்டு என் கணவர் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை அட்டை இருக்கிறதா?" என்பதுதான். அட்டையைப் பார்த்ததும் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து அமில அளவையும் கீட்டோன் அளவையும் சோதித்தார். சர்க்கரை 184 மட்டுமே. ஆனால், அமிலம் கூடக் கூடக் குறையும் ரத்தத்தின் பிஹெச் அளவு, 7.35க்குக் கீழே போகக் கூடாத இடத்தில் 7.14 இருந்தது. 0.6க்குள் இருக்க வேண்டிய கீட்டோன் 5.2.

நடந்ததைப் பின்னர் அவரே விளக்கினார். பட்டினியாலும் வாந்தியாலும் உடம்பில் இன்சுலின் குறைகிறது. இன்சுலின் குறைந்தால் உடம்பு கொழுப்பை எரிக்கிறது; அந்த எரிப்பின் கழிவாகக் கீட்டோன் அமிலங்கள் சேர்கின்றன. வழக்கமான நீரிழிவுக் கீட்டோன் அமிலத்தேக்கத்தில் சர்க்கரையும் 300, 400 என்று ஏறி எச்சரிக்கை செய்துவிடும். இந்த மாத்திரை உள்ளே இருக்கும்போதோ, ஏறுகிற சர்க்கரை சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கிறது. கருவி நல்ல எண்ணைக் காட்டுகிறது. அமிலம் மட்டும் சத்தமில்லாமல் ஏறுகிறது. என்னை இரண்டே முக்கால் ஆண்டு மகிழ்வித்த அதே செயல்தான் அன்று எச்சரிக்கை மணியையும் மூடி வைத்திருந்தது.

சிகிச்சையைக் கண்டு என் வீட்டார் திகைத்துப் போனார்கள். உப்புநீரும் இன்சுலினும் ஏறுவது அவர்களுக்குப் புரிந்தது. சர்க்கரை நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுவது புரியவில்லை. கீட்டோன் உற்பத்தியை நிறுத்த இன்சுலின் வேண்டும். 184இல் இருப்பவருக்கு இன்சுலினை மட்டும் செலுத்தினால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். ஆகையால் இரண்டும் சேர்ந்தே ஏற வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள் இருந்தேன். மாத்திரையை நிறுத்திய பின்னும் சில நாள் சிறுநீரில் சர்க்கரை போய்க்கொண்டிருந்தது. அதன் விளைவு உடனே நிற்பதில்லை.

இந்த அமிலத்தேக்கம் அரிதானது. இந்த மாத்திரையை உட்கொள்ளும் இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்கள் ஆயிரம் பேரில் ஓர் ஆண்டில் ஒருவருக்கு வரலாம் என்ற அளவுதான். ஆயினும் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது என்பதே என் ஆற்றாமைக்குக் காரணம். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று எதுவாயினும், வழக்கம்போல் உண்ணவோ பருகவோ முடியாத நாளில் இந்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். மெட்ஃபார்மினையும் அப்போது நிறுத்தச் சொல்வார்கள். இன்சுலின் போடுபவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இன்சுலினை நிறுத்தவே கூடாது. உப்புப் போட்ட கஞ்சி போன்ற மாவுச்சத்துள்ள நீராகாரத்தைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிரு நாள் வழக்கம்போல் சாப்பிட்ட பிறகே மாத்திரையை மறுபடியும் தொடங்க வேண்டும். திட்டமிட்ட அறுவை சிகிச்சையாக இருந்தால் மூன்று நாள் முன்னதாகவே நிறுத்த வேண்டும். குமட்டலும் வயிற்றுவலியும் மூச்சிரைப்பும் வந்தால், கருவி என்ன காட்டினாலும், ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சிறுநீர்க் கீட்டோன் பட்டையை மட்டும் நம்ப முடியாது. இந்த மாத்திரையால் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். இவ்வளவையும் ஒரு துண்டுச் சீட்டில் அச்சிட்டு மாத்திரையோடு கொடுத்திருந்தால் எனக்கு மூன்று நாள் தீவிர சிகிச்சை மிச்சமாகியிருக்கும்.

இப்போது மெட்ஃபார்மினுடன் சிட்டாகிளிப்டின் என்ற வேறு வகை மாத்திரையை உட்கொள்கிறேன். சராசரி 7.8, குறைந்த 3 கிலோவும் திரும்பி வந்துவிட்டது. சென்ற மாதம் என் மருத்துவரிடம், டாபாகிளிஃப்ளோசினுக்கே திரும்பிப் போகலாமா என்று நானாகவே கேட்டேன். ஒருமுறை அமிலத்தேக்கம் வந்தவருக்கு மறுபடியும் கொடுக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். எனக்குச் சினம்தான் வந்தது, இத்தனைக்குப் பிறகும்.

கணித ஆசிரியைக்குச் சிறுநீரில் புரதம் கசிகிறது, இன்சுலின் போடுவதில்லை, மருத்துவரும் ஒப்புக்கொள்கிறார் என்றால் மாறிக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் அவரும் ஆண்டுதோறும் சஷ்டி விரதம் இருப்பவர். இந்த ஆண்டு விரதத்துக்கு மூன்று நாள் முன்பு நானே அவரை அழைத்து, மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்பேன் என்றும், நிறுத்தவில்லை என்றால் அவர் கணவரிடம் பேசுவேன் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.