கண்ணுக்கு ஐந்து ஸ்லைடர், பார்வைக்கு ஒன்றுமில்லை: Liquify-யோடு ஒன்பது ஆண்டுகள்

கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: “Photoshop ஆண்டுச் சந்தாவுக்குத் தள்ளுபடி விட்டிருக்கிறார்கள். படம் சேர்க்கும் வேலைக்காக எடுக்கலாமா? தனித்தனியாக எடுத்த இரண்டு பேரை ஒருவரையொருவர் பார்க்க வைக்க அந்த Liquify உதவுமா?” தொலைபேசியில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். அந்த மென்பொருளின் மற்ற வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றுக்குள் போகவில்லை.

படத்தின் பகுதிகளைத் தள்ளியும் இழுத்தும் வடிவம் மாற்றுவது Liquify. அதற்குள் முகத்தைத் தானே கண்டுபிடிக்கும் வசதி 2016-இல் வந்தது. நான் அதற்கு அடுத்த ஆண்டு முதல் பயன்படுத்துகிறேன். கண்ணுக்கு மட்டும் ஐந்து ஸ்லைடர்கள்: Eye Size, Eye Height, Eye Width, Eye Tilt, Eye Distance. பெரிதாக்கலாம், உயர்த்தலாம், அகலமாக்கலாம், சாய்க்கலாம், இரண்டு கண்களையும் நெருக்கலாம். கண் எங்கே பார்க்கிறது என்பதற்கு ஒரு ஸ்லைடரும் இல்லை. தலையைத் திருப்பவும் இல்லை. Tilt என்பது சாய்வுதான், திரும்புதல் அல்ல. முகம் பக்கவாட்டில் நன்றாகத் திரும்பியிருந்தால் பல நேரம் அது முகம் என்றே இதற்குத் தெரிவதில்லை. எங்களைப் போல இறந்தவர்களையும் வெளிநாட்டில் இருப்பவர்களையும் குடும்பப் படத்தில் சேர்க்கிறவர்களுக்கு வேண்டியது பார்வை. கண்ணை அழகாக்கும் வசதியை வைத்து நாங்கள் என்ன செய்வது? ஒன்பது ஆண்டுகளாக இந்த எரிச்சல் எனக்குத் தீரவில்லை.

ஆனால் கோபத்தை முழுவதும் மென்பொருள் மேல் போடுவதும் நியாயமில்லை. ஸ்லைடர் இல்லையே என்று, Forward Warp தூரிகையால் கருவிழியைக் கையாலேயே தள்ளிக்கொண்டிருந்தேன். கருவிழி முட்டை வடிவமாகும். அதைச் சரிசெய்தாலும் பார்வை போய்ச் சேராது. ஏன் என்பதற்கான விடை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் இருக்கிறது. 1824-இல் வில்லியம் ஹைட் வோலஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் உருவப்படங்களின் பார்வையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வரைந்த ஒரே ஜோடிக் கண்களை வைத்துக்கொண்டு, மூக்கையும் முகத்தின் மற்றப் பகுதிகளையும் மட்டும் வேறு பக்கம் திரும்பியதாக மாற்றிக் காட்டினார். கண்ணில் ஒரு கோடுகூட மாறவில்லை, ஆனால் பார்வை வேறு திசைக்குப் போய்விட்டது. பார்க்கிறவர் மூக்கையும் கன்னத்தையும் கண்ணோடு சேர்த்தே படிக்கிறார். மூக்கை விட்டுவிட்டுக் கருவிழியை மட்டும் எத்தனை பிக்சல் தள்ளினாலும், திருட்டுத்தனமாக ஓரக்கண்ணால் பார்க்கிற முகம்தான் கிடைக்கும்.

இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு படம். ஒரு பெண் வந்தார். தன் அப்பா இறந்த பிறகு தனக்குப் பிறந்த குழந்தை கையில். அப்பா என்னையும் நான் அப்பாவையும் பார்ப்பதுபோல ஒரு படம் வேண்டும் என்றார். அப்பாவுடைய நல்ல படம் ஒன்றே ஒன்றுதான், உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் யாரோ விளக்கேற்றுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது எடுத்தது. தலை கொஞ்சம் குனிந்து, முகம் கேமராவிலிருந்து 40 டிகிரி அளவுக்குத் திரும்பியிருந்தது. பெண்ணை நாங்களே ஸ்டுடியோவில் எடுத்தோம். அவர் எதிர்ப்பக்கம் 50 டிகிரி திரும்பியிருந்தார். அப்பாவை இடப்பக்கம், மகளை வலப்பக்கம் வைத்து இரண்டு நாள் உழைத்தேன். வெட்டு தெரியவில்லை, நிறமும் நிழலும் ஒத்துப்போயின. அந்தப் பெண்ணின் அம்மா படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இரண்டு பேரும் வேறு யாரையோ பார்க்கிறார்கள், தம்பி” என்றார்.

அவர் சொன்னது சரி. அன்று இரவு ஒரு தாளில் மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்தேன். இரண்டு வட்டம் இரண்டு தலை, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு முனை மூக்கு, கீழே ஒரு கட்டம் கேமரா. மூன்றையும் கோட்டால் சேர்த்தால் முக்கோணம். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 டிகிரி என்பது பள்ளிக்கூடக் கணக்கு. இருவருக்கும் இடையே 60 செ.மீ., கேமரா 3 மீட்டர் தள்ளி என்றால், கேமராவின் கோணம் 11 டிகிரிதான். மீதி ஏறக்குறைய 170 டிகிரியை இரண்டு முகங்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கேமராவை நேராகப் பார்க்கும் முகத்தைச் சுழி என்றும் முழுப் பக்கவாட்டை 90 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஏறக்குறைய 85 என்றால் சரி. ஒருவர் 60 என்றால் மற்றவர் 110, அதாவது கேமராவுக்கு முதுகைக் கொஞ்சம் காட்டியாக வேண்டும். என்னிடம் இருந்ததோ 40-உம் 50-உம். கூட்டினால் 90. இன்னும் 80 டிகிரி வேண்டும். கண்ணை மட்டும் திருப்பி இயல்பு கெடாமல் வாங்கக்கூடியது ஆளுக்கு 15 டிகிரி என்பது என் அனுபவம். அதற்கு மேல் தேவையென்றால் மனிதர்கள் தலையைத் திருப்பிவிடுவார்கள். அப்படியும் 50 டிகிரி பாக்கி. அதை எந்தத் தூரிகையும் தராது. தலையைத் திருப்பினால் தெரிய வேண்டிய காதும் தாடையின் மறுபுறமும் அந்தப் படத்திலேயே இல்லையே.

கோணத்தை அளக்க நான் வைத்திருக்கும் வழி எளிது. இரண்டு கண்களின் அகலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், தூரத்துக் கண் எவ்வளவு குறுகியிருக்கிறது என்று. பிறகு மூக்கு நுனி தூரத்துக் கன்னத்தின் விளிம்பைத் தொடுகிறதா, தாண்டுகிறதா, உள்ளேயே நிற்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் கண்ணாடி முன் நின்று அதே அளவுக்குத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வேன். ஐந்து டிகிரி முன்பின் இருக்கலாம், எண்பது டிகிரிப் பள்ளத்தைக் கண்டுபிடிக்க அது போதும்.

படத்தை இடவலமாகப் புரட்டிப்போட்டால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. புரட்டினால் திசைதான் மாறும், கோணம் அப்படியே இருக்கும். தவிர முந்தானை வலத் தோளுக்குப் போய்விடும், வலப்பக்க மூக்குத்தி இடப்பக்கம் வந்துவிடும், சட்டைப் பை எதிர் மார்புக்கு ஓடும். வீட்டுப் பெண்கள் மூக்குத்தியைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

தாளில் இன்னொன்றும் தெரிந்தது. 40-உம் 50-உமாகத் திரும்பிய இரண்டு பார்வைக் கோடுகளும் ஒன்றையொன்று தொடாமல் போகவில்லை. இருவருக்கும் நடுவில், ஏறக்குறைய 25 செ.மீ. முன்னால், அவை வெட்டிக்கொண்டன. அந்த இடத்தில் எதை வைத்தாலும் இருவரும் அதைத்தான் பார்ப்பார்கள். ஸ்டுடியோவில் எடுத்த வரிசையில் அடுத்த படத்தைத் திறந்தேன். மகள் குழந்தையை மார்போடு அணைத்து அதன் முகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது, ஆனால் இருவரும் அந்தக் குழந்தையைப் பார்க்க முடியும்.

முதலில் அளவு. வளர்ந்தவர்களின் கருவிழி விட்டம் ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை, ஏறக்குறைய 12 மி.மீ. அதுதான் என் அளவுகோல். மேல் இமை கருவிழியின் தலையை மூடியிருக்கும், திரும்பிய முகத்தில் அகலமும் குறுகித் தெரியும், அதனால் பாவையின் நடுவிலிருந்து கருவிழியின் கீழ் விளிம்பு வரை அளந்து இரட்டிப்பேன். அப்பாவின் ஸ்கேனில் 30 பிக்சல், மகளின் முந்தைய படத்தில் 48 பிக்சல். ஆகவே அப்பாவை 1.6 மடங்கு பெரிதாக்கினேன். பிறகு கண்ணைத் தொடாமல் அப்பாவின் லேயரையே நகர்த்தி, அவருடைய 40 டிகிரிப் பார்வை குழந்தையின் முகத்தில் விழும் இடத்தில் நிறுத்தினேன். கணக்குப்படி குழந்தைக்குப் பக்கவாட்டில் 25 செ.மீ. தள்ளி. இடவலப் பார்வை இதிலேயே முடிந்துவிட்டது.

மிஞ்சியது மேல்கீழ். தலை குனிந்திருந்தாலும் பார்வை குழந்தையின் நெற்றிக்கு மேலே போனது. இன்னும் 10 டிகிரி இறங்க வேண்டும். கண்விழியின் விட்டம் 24 மி.மீ. அளவு, ஆகவே 10 டிகிரிக்குக் கருவிழி 2 மி.மீ. இறங்கும். 48 பிக்சல் 12 மி.மீ. என்றால் 2 மி.மீ. என்பது 8 பிக்சல். கருவிழியைத் தனி லேயராக வெட்டி எடுத்து, அடியில் வெள்ளைவிழியை நிரப்பி, 8 பிக்சல் இறக்கினேன். உடனே அப்பாவுக்கு ஏதோ பயந்துபோன முகம் வந்துவிட்டது. காரணம், கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தது. கீழே பார்க்கும்போது மேல் இமையும் கூடவே இறங்கும், அதை நான் இறக்கவில்லை.

இங்கேதான் Liquify தன் சம்பளத்தைச் சம்பாதித்தது. மேல் இமையின் விளிம்பை அதே 8 பிக்சல் அளவுக்கு, நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும், பெரிய தூரிகையால் குறைந்த அழுத்தத்தில் இறக்கினேன். புருவத்தை உறைய வைத்துவிட்டதால் அது அசையவில்லை. கண்ணில் விழும் ஒளிப்புள்ளியைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். கருவிழி நகரும் அளவுக்கு அது நகராது, நகர்த்தினால் ஒளியின் திசையே மாறிவிடும். லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிட்டு Liquify செய்திருந்ததால், மறுநாள் காலை புதுக்கண்ணோடு பார்த்து இரண்டு பிக்சல் திரும்ப ஏற்றிக்கொள்ள முடிந்தது. தோலில் ஒரு சுருக்கம்கூட உடையவில்லை. இந்த ஒரு வசதிக்காக அதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அந்த அம்மா இரண்டாவது படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு பிரதி கேட்டார்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: பார்வையைச் சேர்ப்பதற்காக என்று இந்தச் சந்தாவை வாங்காதீர்கள், தள்ளுபடி இருந்தாலும். அந்த வேலையின் பெரும்பகுதி தாளில் முடிகிறது, மிச்சத்தை வேறு எந்தப் படத்தொகுப்பு மென்பொருளிலும் முடிக்கலாம். ஐந்து ஸ்லைடர் கொடுத்து வேண்டிய ஒன்றைக் கொடுக்காத அலட்சியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நேற்று மாலை நான் ஓராண்டுக்குப் புதுப்பித்துவிட்டேன். இமையை அவ்வளவு மென்மையாக இறக்க எனக்கு வேறு கை பழகவில்லை.

உங்கள் வாடிக்கையாளர் கொடுத்த இரண்டு படங்களை அனுப்புவதாகச் சொன்னீர்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு மூக்கும் எந்தப் பக்கம், எத்தனை டிகிரி என்று படத்தின் பின்னால் பென்சிலில் எழுதி, கூட்டிப் பாருங்கள். 140-க்கும் குறைவாக வந்தால் எனக்கு அனுப்ப வேண்டாம், அந்த வீட்டாரிடம் வேறு படம் இருக்கிறதா என்று கேளுங்கள். அல்லது இருவரும் சேர்ந்து பார்க்க ஏதாவது ஒன்று வீட்டில் இருக்கிறதா என்று.